மாத்திரையைக் குறைக்கச் சொல்லாத பெயர்

"பேர்ல ஹெல்த்னு ஒரு வார்த்தை இல்லேன்னா சிறுதானியம் ஓடாதுண்ணே." மதுரை மேலமாசி வீதிப் பக்கம் லேபிள் அச்சடிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இந்த வாக்கியம் பழகிப்போனது. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்திலிருந்து சின்னச் சின்னக் குழுக்கள் சாமை, குதிரைவாலி, கம்பு என்று ஏதாவது ஒன்றை மாவாகவோ பிஸ்கெட்டாகவோ ஆக்கிக்கொண்டு வருவார்கள். சரக்கு நன்றாகவே இருக்கும். பெயர் மட்டும் எல்லாருக்கும் ஒரே திசையில் போகும். ஸ்லிம், ஃபிட், இம்யூன், டீடாக்ஸ், கேர் என்று ஏதாவது ஒரு வால் ஒட்டியிருக்கும். இளவட்டங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்கிறார்கள், அதனால் உடம்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று தெளிவாகச் சொல்லவும் அப்போது வரவில்லை. என் பெரியம்மா மகள் நடத்தும் குழுவின் சரக்குக்குப் பெயர் தேடியபோதுதான் அது விளங்கியது.

அக்காவின் குழு டி.கல்லுப்பட்டி பக்கம். மானாவாரிக் காடு, குதிரைவாலியும் சாமையும் விளையும் மண். தானியமாக விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை என்பதால் சாமை நூடுல்ஸ், குதிரைவாலிக் காராச்சேவு, கேழ்வரகு பிஸ்கெட், கருப்பட்டி போட்ட கம்பு லட்டு என நாலு பண்டங்களைக் கையில் எடுத்தார்கள். நாலுக்கும் சேர்த்து ஒரே பிராண்டுப் பெயர் வேண்டும், கல்லூரிப் பிள்ளைகள் வாங்க வேண்டும் என்பது திட்டம். ஆலோசனை சொல்ல வந்த ஒருவர் "சுகர் சில்" என்று ஒரு பெயர் கொடுத்திருந்தார். சொல்ல எளிது, மோனை போல ஒரு ஓட்டம், ஆங்கிலமும் கொஞ்சம் திமிரும் கலந்திருக்கிறது. அக்கா மகனுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. நோய் எதையும் குணப்படுத்துவதாக அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை என்பது அவன் வாதம். சர்க்கரையை நினைத்துக் கவலைப்படாமல் ஜாலியாகச் சாப்பிடு, அவ்வளவுதான் என்றான். முழுசாக அச்சுக்குப் போவதற்கு முன் சின்ன ஸ்டிக்கராக ஒட்டிப் பார்ப்போம் என்று முடிவானது.

தமுக்கத்தில் ஒரு கண்காட்சி நடந்தபோது ஓரமாக ஒரு மேசை கிடைத்தது. நானும் போய் நின்றேன். இளைஞர்கள் வந்தார்கள், பெயரைப் படித்துச் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். பெயர் எடுபடுகிறது என்றே தோன்றியது. சாயங்காலம் இருபது வயதுக்காரத் தம்பி ஒருவர் நூடுல்ஸ் பாக்கெட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு வாங்குகிறார் என்று நினைத்தேன். அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, எங்கப்பாவுக்கு சுகர் இருக்கு. ராத்திரி இட்லிக்குப் பதிலா இதைக் குடுத்தா, மாத்திரையைக் கொஞ்சம் குறைச்சுக்கிரலாமா?"

அக்கா பதறிவிட்டாள். "ஐயோ தம்பி, அப்படியெல்லாம் செஞ்சிராதீங்க. இது நூடுல்ஸ்தான். டாக்டர் சொல்லாம மாத்திரையில கையை வைக்கக் கூடாது" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பிள்ளை ஏமாந்த முகத்தோடு பாக்கெட்டைத் திரும்ப வைத்தார். மேசைக்குப் பின்னால் அக்கா நின்றதால் அன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கடை அலமாரியில் பாக்கெட் தனியாக இருந்தால் யார் பதில் சொல்வது? அங்கே பெயர்தான் பதில் சொல்லும். "சுகர் சில்" என்ற பெயர் அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்றுதான் சொல்கிறது. பெயரை வைத்தவர் என்ன நினைத்தார் என்பது அங்கே செல்லாது. வாங்குகிறவர் அதை நம்பி வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்பதை வைத்துத்தான் பெயரை எடைபோட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

பெயரும் ஒரு கூற்றுதான்

அக்கா மகன் விடவில்லை. பெயருக்குக் கீழே ஒரு வரி போட்டுச் சரிக்கட்டலாம் என்றான். "இது பிராண்டுப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல" என்கிற மாதிரி வரியைப் பெரிய கம்பெனிப் பாக்கெட்டுகளில் அவன் பார்த்திருக்கிறான். அந்த வரி எங்கிருந்து வருகிறது என்பது லேபிள் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பரம் மற்றும் கூற்றுகள் ஒழுங்குமுறையில் அது இருக்கிறது. இயற்கை, சுத்தம், பாரம்பரியம், அசல் போன்ற அடைமொழிகள் பிராண்டுப் பெயருக்குள் இருந்து, அது வாங்குகிறவரைத் தவறாக நினைக்க வைக்கும் என்றால், 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் அந்த அறிவிப்பைப் போட வேண்டும். அது அடைமொழிகளுக்கான வழி. நோயை நினைவூட்டும் பெயருக்கு அதைக் கவசமாகப் பிடிக்க முடியாது. அதே ஒழுங்குமுறை, கூற்று என்பதற்கு விளக்கம் சொல்லும்போது நேராகச் சொல்வதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. குறிப்பால் உணர்த்துவதையும் சேர்த்தே எடுக்கிறது. எழுத்தில் இல்லை என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அறிவிப்பு வரி ஒரு பெயரைக் காப்பாற்றாது என்பதற்கு அண்மையில் பெரிய சாட்சியே இருக்கிறது. சர்க்கரை மிகுந்த சில பானங்கள் பெயருக்குள், பேதியில் போன நீரை ஈடுகட்டும் உப்பு–சர்க்கரைக் கரைசலைக் குறிக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தை வைத்து, பக்கத்தில் ஏதாவது ஒட்டு சேர்த்து விற்றுவந்தன. இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன கரைசல் அல்ல என்று ஓர் அறிவிப்பைப் போட்டால் போதும் என ஆணையமே 2022-இல் வழிவிட்டிருந்தது. பேதி கண்ட குழந்தைக்கு மருந்துக் கரைசல் என்று நினைத்து அதைக் கொடுக்கிறார்கள் என ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. முன்னொட்டோ பின்னொட்டோ சேர்த்தாலும் அந்தச் சொல் பானத்தின் பெயரில் வரக் கூடாது என்றது. அவசரத்தில் கடைக்கு ஓடும் அம்மா முன்பக்கத்துப் பெரிய எழுத்தைத்தான் படிக்கிறாள், பின்பக்கத்துச் சின்ன எழுத்தை அல்ல. தமுக்கத்துத் தம்பியும் அப்படித்தான் படித்தார். இதைச் சொன்ன பிறகு அக்கா மகன் அமைதியானான். "சுகர்" என்ற சொல் அன்றோடு பட்டியலை விட்டுப் போனது.

அதோடு சேர்த்து "ஹெல்த்" என்ற சொல்லையும் எடுத்துவிடுவோம் என்றேன். 2024 ஏப்ரலில் ஆணையம் இணையக் கடைகளுக்கு ஒரு அறிவுறுத்தல் கொடுத்தது. பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பில் போடாதீர்கள், அப்படி ஒரு வகையே சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்றது. அது பானத்துக்குச் சொன்னது என்றாலும் பாடம் நூடுல்ஸுக்கும் பொருந்தும். எதை அளந்து "ஹெல்த்" என்கிறோம் என்று யாராவது கேட்டால் காட்ட நம்மிடம் அளவுகோல் இல்லை.

நூடுல்ஸுக்குள் எவ்வளவு சாமை?

அடுத்து வந்த யோசனை "ஃபைபர்" என்ற சொல்லைப் பெயரில் வைப்பது. நார்ச்சத்து நோய் அல்ல, அளக்கக்கூடியது, ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் தேடுவது. நியாயமான யோசனைதான். அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

சாமையில் பசையம் கிடையாது. தனிச் சாமை மாவைப் பிழிந்தால் இழை கொதிநீரில் உடைந்து கஞ்சியாகிவிடும். அதனால் அக்கா 100 கிராமுக்கு 40 கிராம் சாமை மாவும் 55 கிராம் மைதாவும் போடுகிறாள், மீதி உப்பும் மற்றவையும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் நார்ச்சத்து ஏறக்குறைய 7.7 கிராம், மைதாவில் சுமார் 2.8 கிராம். நம் கலவையில் சாமையிலிருந்து 3.1, மைதாவிலிருந்து 1.5, மொத்தம் 4.6 கிராம் வருகிறது. நார்ச்சத்து "உள்ளது" என்று சொல்ல 100 கிராம் திடப்பொருளில் 3 கிராமாவது வேண்டும், "நிறைந்தது" என்று சொல்ல 6 கிராம் வேண்டும். ஆக நம் நூடுல்ஸ் முதல் வரம்பைத் தாண்டுகிறது, இரண்டாவதை எட்டவில்லை. அதுவும் காகிதக் கணக்கு. சாமையை வெள்ளையாகத் தீட்டத் தீட்ட தவிடு போகும், தவிட்டோடு நாரும் போகும். அரைவைக்காரர் கொஞ்சம் கூடுதலாகத் தீட்டிவிட்டால் இந்த 4.6-உம் நிற்காது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பாக்கெட்டைக் கொடுத்துச் சோதித்த எண்தான் கணக்கு.

"ஃபைபர்" என்று பெயரிலேயே வைத்தால் படிக்கிறவர் "உள்ளது" என்றா எடுத்துக்கொள்வார், "நிறைந்தது" என்றா? நிறைந்தது என்றுதான். பெயரில் அளவு சொல்ல இடமில்லை. சத்துக் கூற்றைப் பெயருக்குள் நுழைப்பதில் உள்ள சிக்கல் இதுதான். பின்பக்கத்தில் "நார்ச்சத்து உள்ளது" என்று எண்ணோடு எழுதினால் உண்மை. அதையே முன்பக்கத்தில் பெயராக ஏற்றினால் மிகை.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் கிளறியது. அக்கா இதுவரை "சாமை நூடுல்ஸ்" என்றுதான் சொல்லிவந்தாள். பாக்கெட்டில் சாமையை விட மைதா அதிகம். லேபிள் விதிகளின்படி ஒரு மூலப்பொருளைச் சொல்லாலோ படத்தாலோ தூக்கிக் காட்டினால் அதன் சதவீதத்தை எழுத வேண்டும், சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும். ஆக பட்டியலில் முதல் சொல் மைதாவாகத்தான் இருக்கும். அக்காவுக்கு இது சங்கடமாக இருந்தது. "மைதான்னு மொதல்ல போட்டா எவன் வாங்குவான்?" என்றாள். அவள் மகன்தான் எதிர்த்துப் பேசினான். "இல்லம்மா, எங்க செட்டுல எல்லாரும் பாக்கெட்டைத் திருப்பிப் பாப்பாங்க. முன்னாடி மறைச்சுட்டுப் பின்னாடி மைதா இருந்தா படம் புடிச்சுப் போட்டுருவாங்க." அவன் சொன்னது சரி. இந்தத் தலைமுறையின் சந்தேகம் நல்ல சந்தேகம். அதை மதிக்கிற பெயர்தான் அவர்களிடம் இரண்டாம் முறை விற்கும். கடைசியில் உணவின் பெயராக "கோதுமை–சாமை நூடுல்ஸ், சாமை 40%" என்று முன்பக்கத்திலேயே போட்டோம். அந்த வரி உணவு என்ன என்று சொல்லிவிடுவதால், மேலே வரும் பிராண்டுப் பெயர் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. பிராண்டுப் பெயரும் உணவின் பெயரும் இரண்டு தனி விஷயங்கள் என்பதைப் பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாக்கி, ஒரே சொல்லின் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றுகிறார்கள்.

கேழ்வரகு பிஸ்கெட்டுக்கும் "போன்", "ஸ்ட்ராங்" என்று எலும்பை இழுக்கும் பெயர்கள் வந்தன. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பது உண்மை. அதே அட்டவணைப்படி 100 கிராமுக்கு 364 மில்லிகிராம். ஆனால் பிஸ்கெட்டில் கேழ்வரகு 30 சதவீதம். நாலு பிஸ்கெட் 40 கிராம் என்றால் அதில் வருவது 44 மில்லிகிராம் போல. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 1,000 மில்லிகிராம். தானியத்தைப் பற்றிய உண்மை பண்டத்தைப் பற்றிய உண்மையாகாது. கம்பு லட்டுக்கு "நோ சுகர்" என்று யாரோ சொன்னார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், சேர்த்த சர்க்கரை என்றுதான் அது கணக்கில் வரும். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

பிள்ளைகள் எதற்காக வாங்குகிறார்கள்

உடம்பைப் பற்றிய சொற்கள் எல்லாம் போன பிறகு மேசையில் மிச்சமிருந்தவை பாட்டி, மண், பாரம்பரியம். இதில் எனக்கு இரண்டு தயக்கங்கள். "பாரம்பரியம்" என்ற சொல்லைப் பயன்படுத்த, தலைமுறைகளாகப் பெரிதும் மாறாமல் இருந்துவரும் செய்முறை என்று காட்ட வேண்டும். காராச்சேவுக்கு ஒருவேளை முடியலாம், நூடுல்ஸுக்கு எப்படி முடியும்? இரண்டாவது, பாட்டி என்று சொன்னதும் இளையவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கித் தருகிறார்களே தவிர தாங்கள் சாப்பிடுவதில்லை. ஒரு கல்லூரிக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தபோது இது திரும்பத் திரும்ப வந்தது.

அந்தப் பேச்சில்தான் வேறொன்றும் தெரிந்தது. "நொறுக்குத் தீனி எப்ப வாங்குவீங்க?" என்று கேட்டால் பதில் உடனே வருகிறது. வகுப்பு விட்டதும், பஸ்ஸுக்கு நிற்கும்போது, டீயோடு. "எதுக்காக வாங்குவீங்க?" என்று கேட்டால் யோசித்து, நமக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஆரோக்கியம் என்கிறார்கள். முதல் பதில்தான் நிஜமான பழக்கம். அதனால் பெயரை உடம்பிலிருந்து எடுத்து நேரத்தில் வைக்கலாம் என்று தோன்றியது. அங்கே பல பேர் சொன்ன நேரம் நாலேகால். "நாலேகால்" என்றே பெயர் வைத்தால் என்ன என்று அக்கா மகன்தான் கேட்டான். அவன் வாயில் அது வந்ததுமே எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

பிடித்ததை நம்பி நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக ஒரு சோதனை வைத்தோம். வெள்ளை அட்டையில் பெயரை மட்டும் எழுதிக் காட்டுவது, படம் கிடையாது, பண்டம் கிடையாது. இது என்னவாக இருக்கும், யார் சாப்பிடுவார்கள், சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மூன்று கேள்விகள். மூன்றாவதுதான் முக்கியம். ஒப்பிட்டுப் பார்க்க "சுகர் சில்", இன்னும் "ஃபிட்" வால் ஒட்டிய ஒரு பெயர் ஆகியவற்றையும் தனி அட்டைகளில் எழுதி, ஒருவருக்கு ஒரு அட்டை என்று காட்டினோம். "சுகர் சில்" பார்த்தவர்கள் பெரும்பாலும் சர்க்கரை ஏறாது என்றார்கள். "ஃபிட்" பார்த்தவர்கள் எடை குறையும் என்றார்கள். "நாலேகால்" பார்த்தவர்கள் கொஞ்சம் சிரித்துவிட்டு, பசி அடங்கும் என்றார்கள். பசி அடங்கும் என்பது நாங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு. ஒரு குறையும் தெரிந்தது. வயதானவர்கள் சிலர் "நாலேகால் ரூபாயா?" என்று விலையாக எடுத்துக்கொண்டார்கள். அதற்காக எழுத்துக்குப் பக்கத்தில் நாலேகாலைக் காட்டும் கடிகார முகம் ஒன்றை வரைந்தேன்.

வணிகச் சின்னப் பதிவுக்கும் இந்தப் பெயர் தோதானது. சட்டத்தின் 9-ஆம் பிரிவு பொருளின் வகை, தரம், பயன் ஆகியவற்றை மட்டும் சொல்லும் பெயர்களைப் பதிய மறுக்கிறது. "சிறுதானிய ஹெல்த் ஃபுட்ஸ்" மாதிரிப் பெயர்கள் அங்கேதான் சிக்கும். ஆரோக்கியச் சொல் ஆபத்தானது மட்டுமல்ல, யாருக்கும் சொந்தமாக ஆகாதது. அதே பிரிவில் பொருள் உற்பத்தியான நேரத்தைக் குறிக்கும் பெயர்களும் வருகின்றன என்பதால், நாலேகாலுக்கு அப்படி ஒரு ஆட்சேபம் எழலாம் என்று விண்ணப்பம் எழுதிய வழக்கறிஞர் முன்கூட்டியே சொன்னார். இது தயாரித்த நேரம் அல்ல, தின்னும் நேரம் என்பது எங்கள் பதில். நூடுல்ஸ், பிஸ்கெட் வகையெல்லாம் வரும் 30-ஆம் வகுப்பில், எழுத்தை மட்டும் பார்க்காமல் ஒலியையும் வைத்துத் தேடிப் பார்த்த பிறகே விண்ணப்பம் போனது.

பெயர் சுத்தமாக இருந்தால் போதாது என்பது சரக்கு கடைக்குப் போன பிறகு தெரிந்தது. அண்ணாநகர்ப் பக்கம் ஒரு கடையில் "சுகர் பேஷன்ட் ஸ்பெஷல்" என்று அட்டை தொங்கும் தட்டில் எங்கள் நூடுல்ஸை அடுக்கியிருந்தார்கள். இன்ஸ்டாகிராமில் எடுத்து விற்கும் ஒருவர் எடை குறைப்பு ஹேஷ்டேக்குகளை வரிசையாகப் போட்டிருந்தார். பாக்கெட்டில் நாங்கள் தவிர்த்த சொற்களை வெளியிலிருந்து ஒட்டிவிடுகிறார்கள். சட்டம் பிடித்தால், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதில் அட்டை எழுதிய கடைக்காரரும் மாட்டலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அக்கா இப்போது சரக்கோடு ஒரு தாள் அனுப்புகிறாள். எந்தத் தட்டில் வைக்கலாம், என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று தமிழில் அரைப்பக்கம். நொறுக்குத் தீனித் தட்டு, டீத்தூள் பக்கம், கல்லாவுக்கு அருகில் என்பவை வைக்கலாம் பட்டியலில். சர்க்கரை, எடை, எலும்பு, குழந்தை வளர்ச்சி என்பவை சொல்லக் கூடாது பட்டியலில். அண்ணாநகர்க் கடைக்காரர் தட்டை மாற்ற மாட்டேன் என்றார், அந்தத் தட்டில்தான் ஓடும் என்றார். அக்கா சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அந்தக் கடையின் ஆர்டர் சின்னதல்ல. குழுவில் ரெண்டு பேர் அவளோடு சண்டை பிடித்தார்கள். இன்னும் அந்த வருத்தம் முழுசாகத் தீரவில்லை. அவள் செய்தது சரி என்றே நான் அவர்களிடமும் சொன்னேன்.

இப்போது குதிரைவாலி தோசை மாவு மிக்ஸ் ஒன்றைக் கொண்டுவர முயல்கிறார்கள். காலைப் பண்டத்துக்கு நாலேகால் என்று எப்படி வைப்பது என்று அக்கா கேட்க, "ஏழேமுக்கால்" என்று மகன் சொல்லியிருக்கிறான். இரண்டு நேரம் ஒரே குடும்பப் பெயராக நிற்குமா, அல்லது முதல் பெயரைக் கலைத்துவிடுமா என்பது எனக்குக் கவலை. மிக்ஸில் உளுந்தும் பச்சரிசியும் எத்தனை பங்கு என்று கேட்டிருக்கிறேன். அந்த எண் வந்ததும் வெள்ளை அட்டையில் எழுதிக்கொண்டு திரும்ப டீக்கடைக்குப் போவோம்.